உறைந்த எண்ணெய்: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். தங்களுடைய ‘உறைந்த எண்ணெய்’ சிறுகதையை வாசித்தேன். நாகர்கோவிலிலிருந்து தில்லிக்குப் படிக்கப் போன பெண், வாடகை அறையில் முதன்முறையாகத் தனியே திருக்கார்த்திகைக்கு விளக்கேற்றும் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு இரண்டு ஐயங்கள். தீபாவளிக்குத் தெருவெல்லாம் அகல்விளக்கு குவிந்து கிடக்கும் தில்லியில், மூன்று விளக்குக்காக அவள் கடை கடையாக அலைவதை நம்ப முடியவில்லை. அடுத்து, கதையின் பெரும்பகுதி மெழுகு, எண்ணெய், கோலம் என்றே போகிறது. அம்மாவிடம் பேசுவது நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. அவளுடைய தனிமையை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே?

ஒரு வாசகி, கோவில்பட்டி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதல் ஐயத்துக்கு விடை நாள்காட்டியில் இருக்கிறது. தீபாவளி தேய்பிறையின் முடிவை ஒட்டி வருவது. திருக்கார்த்திகையோ, கார்த்திகை மாதம் பிறந்த பின்பு பௌர்ணமியை ஒட்டி வரும் கிருத்திகை நட்சத்திரத்துக்கு உரியது. மாதம் சூரியனைக் கொண்டும் பௌர்ணமி சந்திரனைக் கொண்டும் கணக்கிடப்படுவதால், இரண்டு பண்டிகைகளுக்கும் இடைப்பட்ட நாட்கள் ஆண்டுதோறும் ஒன்றுபோல இருப்பதில்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12, திருக்கார்த்திகை நவம்பர் 26. இடையில் இரண்டே வாரம். கதை நடக்கும் 2024இல் தீபாவளி அக்டோபர் 31 அன்றே வந்துவிட்டது. அதற்கடுத்த பௌர்ணமி நவம்பர் 15, அதாவது ஐப்பசியின் கடைசி நாள். மறுநாள்தான் கார்த்திகை பிறந்தது. அந்த ஒரு நாள் பிந்தியதால் திருக்கார்த்திகை டிசம்பர் 13 வரை தள்ளிப்போயிற்று. தீபாவளி முடிந்து 43 நாட்கள் ஆன பிறகு, தெருவோரத்தில் விளக்கு விற்ற தள்ளுவண்டியில் வேர்க்கடலை வறுபட்டுக்கொண்டிருக்கும். அவள் ஓராண்டு முன்னதாகத் தில்லிக்குப் போயிருந்தால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

குயவர்கள் நிறைந்து வாழும் உத்தம் நகருக்குப் போயிருந்தால் விளக்கு கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ஜூலையில் ஊருக்குப் புதிதாக வந்தவளுக்கு அந்த இடம் எப்படித் தெரியும்? ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் பக்கம் அவளைக் குடிவைத்திருந்தால், யாராவது ஒரு தமிழ் வீட்டிலேயே நான்கு அகல் கேட்டு வாங்கியிருப்பாள். அதைத் தவிர்க்கத்தான் அவளை வடக்கே முகர்ஜி நகரில், மூன்றாம் மாடியில், எட்டடிக்குப் பத்தடி அறையில் வைத்தேன்.

கடைசியில் மளிகைக் கடையில் அவளுக்குக் கிடைத்தவை தீபாவளிக்கு விற்றது போக மிஞ்சியவை. வண்ணம் பூசி, மெழுகு ஊற்றி, நடுவே திரி நட்ட விளக்குகள். அப்படியே ஏற்றியிருக்கலாமே என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். ஏற்றியிருக்கலாம்தான். ஆனால் அவள் வீட்டில் விளக்கு என்றால் எண்ணெயும் பஞ்சுத்திரியும். அந்தப் பிடிவாதம் ஒன்றுதான் அவள் ஊரிலிருந்து எடுத்துப் போனது. ஆகவே மின்கெட்டிலில் வெந்நீர் வைத்து, வாளியில் ஊற்றி, விளக்குகளை அதில் அமிழ்த்துகிறாள். மெழுகு உருகி மேலே மிதக்கிறது. நீர் ஆறியதும் அப்பளம்போல் கட்டியாகிவிடுகிறது. விரலால் எடுத்துப் போட்டுவிடுகிறாள். ஊரில் புது அகல் வாங்கினால் ஒரு பொழுது தண்ணீரில் ஊறவைப்போம். இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடித்து அடியில் கசியவிடும். இங்கே சுவரில் ஊறிப்போன மெழுகே அந்த வேலையைச் செய்துவிட்டது.

அவள் எதிர்பாராதது எண்ணெய். அம்மா கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய், 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். ஊரில் அவள் அப்படி ஒன்றை அதிகம் பார்த்ததில்லை. தில்லியின் டிசம்பரில் புட்டி முழுக்க வெள்ளையாக இறுகிக் கிடக்கிறது. வெந்நீரில் நிறுத்தி உருக்கி, அகலில் ஊற்றித் திரியும் போட்டுவிட்டு, அவள் கோலத்துக்கு உட்காருகிறாள். திரும்பி வந்து பார்க்கும்போது எண்ணெய் மறுபடி உறைந்திருக்கிறது. பற்றவைத்தால், திரி தான் குடித்து வைத்திருந்த எண்ணெய் தீரும்வரை எரிந்து, சுற்றியிருப்பது உருகுவதற்குள் கருகி அணைகிறது. வீட்டுக்காரம்மா கடுகெண்ணெய் தருகிறேன் என்கிறார். அந்தக் குளிரிலும் அது உறையாது. அங்கே எல்லோரும் விளக்குக்கு ஊற்றுவதும் அதைத்தான். அவள் வாங்கிக்கொள்ளாததை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் வாசனையில் அந்த அறை இன்னும் கொஞ்சம் வேறு ஊராகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. எவர்சில்வர் தட்டில் சுடுநீர் ஊற்றி, அதில் மூன்று அகல்களையும் உட்காரவைத்து, எண்ணெய் இளகியதும் ஏற்றுகிறாள். கட்டிலில் பஞ்சு ரஜாய் கிடக்கும் அறையில் அந்தத் தண்ணீர் ஒரு காவலும் ஆயிற்று.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். நான் தனிமையை எழுதிய இடம் தொலைபேசி அல்ல, கதவு. அவளுக்குச் சொந்த வாசல் இல்லை. கதவுக்கு வெளியே படிக்கட்டு. நான்கு குடித்தனத்துச் செருப்பும் அங்கேதான் கிடக்கின்றன. வீட்டில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவள், கட்டிலும் மேசையும் போக மிஞ்சிய தரையில், கதவுக்கு உட்புறமாக, ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைப் பச்சரிசி மாவால் போடுகிறாள். முடித்த பிறகுதான் கதவு உள்நோக்கித் திறப்பது என்று அவளுக்கு உறைக்கிறது. திறந்தால் அதன் அடிவிளிம்பு கோலத்தை வழித்துக்கொண்டு போகும். கோலம் நிற்க வேண்டுமானால் அன்று அவளும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரவும் கூடாது. யாரையும் வரவேற்க முடியாத கோலம் அது. கடுகெண்ணெயோடு வீட்டுக்காரம்மா கதவைத் தட்டும்போது ஒரு கணம் தயங்கிவிட்டுத் திறக்கிறாள். கோலத்தில் கால்வட்டமாக ஒரு வெற்றிடம் விழுகிறது. இதற்கு மேலும் அவள் தன் தனிமையை வாய்விட்டுச் சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அம்மாவின் அழைப்பு சிறியதாக அமைந்ததற்கு என்னுடைய பிழை ஒன்று காரணம். முதல் படியில் அவள் ஊர் வழக்கப்படி ஆறு மணிக்கு விளக்கேற்றினாள். தில்லியில் வாழும் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, அன்று ஐந்தரைக்குள் அங்கே சூரியன் மறைந்துவிடும் என்றார். நாகர்கோவிலும் தில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பவை. ஆனால் குளிர்காலத்தில் வடக்கே போகப் போகப் பகல் குறுகும் என்பதால், நாகர்கோவிலில் ஆறு மணிக்குப் பிறகே சூரியன் மறைகிறது. நேரத்தைத் திருத்தியபோது அந்த உரையாடல் தானாக அமைந்தது. விளக்கேற்றிவிட்டதாக அவள் சொல்ல, “இங்க இன்னும் இருட்டல மக்களே, வாசலே தெளிக்கல” என்கிறார் அம்மா. அதுவரை எல்லாப் பண்டிகையிலும் அம்மாவுக்குப் பின்னால் நின்றவள், அந்த வீட்டின் முதல் விளக்கை ஏற்றியவளாகிவிடுகிறாள்.

நீங்கள் கூட்டச் சொல்கிறீர்கள்; நான் குறைக்க எண்ணியிருக்கிறேன். அந்த நான்கு வரிகளில் ‘அவளுக்குத் தொண்டை அடைத்தது’ என்று ஒன்று வருகிறது. கதை தொகுப்பில் சேரும்போது அதை அடித்துவிடுவேன்.

அன்புடன்.