கேள்வி-பதில்: முட்டை வெந்த தண்ணீர் ஏன் பழுப்பானது?

“அரியாங்குப்பம் தாண்டி ரோட்டோரம் வண்டியில் விற்றவரிடம் ‘நாட்டுக்கோழி முட்டை’ என்று ஒரு ட்ரே, 30 முட்டை, 450 ரூபாய்க்கு வாங்கினேன். வேகவைத்தபோது தண்ணீர் வெளிர் டீ மாதிரி ஆகிவிட்டது. முட்டை ஓடு திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. பேத்திக்காக வாங்கியது.”
— ஓய்வு பெற்ற ஆசிரியை, முதலியார்பேட்டை

டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்ட பண்ணை முட்டை அம்மா அது. உங்கள் மேல் தப்பில்லை. நானே இந்த விஷயத்தில் ஏமாந்தவன்தான். மூன்று வருஷம் முன்னால் கடலூர் போகும் வழியில் இரண்டு ட்ரே வாங்கி, ஒன்றை மாமியார் வீட்டுக்கும் பெருமையாகக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் போன் வந்தது: “மாப்பிள்ளை, முட்டை சாயம் போகுது.” இன்னும் அந்த வீட்டில் நான் ஏதாவது வாங்கிப் போனால் முதலில் தேய்த்துப் பார்க்கிறார்கள்.

சூட்சுமம் இதுதான். பண்ணைக் கோழி சுமார் இருபது வார வயதில் முட்டை வைக்க ஆரம்பிக்கும்போது முட்டை சின்னதாகத்தான் வரும், 40 கிராம் அளவில். கடைக்காரர்கள் இதை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். நாட்டு முட்டையும் அதே அளவு. அளவு தானாகவே பொருந்திவிட்டதால், நிறத்தை மட்டும் ஏற்றினால் விலை இரண்டு மடங்காகிறது.

உண்மையான பழுப்பு நிறம் கோழியின் கருப்பையிலேயே, ஓடு உருவாகும் கடைசி சில மணி நேரத்தில், மேல்பூச்சாக ஏறுவது. அது தண்ணீரில் கரையாது. சந்தேகம் வந்தால் ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு போட்டு ஓட்டைத் தேயுங்கள். துணியில் சாயம் இறங்கினால் போலி. வினிகரில் போட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். வினிகர் ஓட்டின் சுண்ணாம்பையே கரைக்கும், அதோடு நல்ல முட்டையின் நிறமும் உரிந்து வந்துவிடும். நேர்மையாக விற்ற பாட்டியைப் போய்த் திட்டிவிட்டு வருவீர்கள்.

துணியே இல்லாமல் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ட்ரேயை மேலிருந்து பாருங்கள். நிஜ நாட்டு முட்டை ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒன்று சந்தன நிறம், ஒன்று கிட்டத்தட்ட வெள்ளை, ஒன்று லேசான பழுப்பு. ஒன்று உருண்டை, ஒன்று நீளம். நாலு வீட்டில் நாலு ஜாதிக் கோழி வைத்தது அப்படித்தான் இருக்கும். முப்பதும் ஒரே நிறம், ஒரே அளவு என்றால் வண்டியைக் கிளப்புங்கள்.

“நாட்டு முட்டை என்று வாங்கியது வேகவைத்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வருகிறது. போலியா?”
— திருப்பாதிரிப்புலியூர்

புத்தம்புது முட்டை அப்படித்தான் உரியும். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

“பிளாஸ்டிக் முட்டை வருகிறதாமே?”
— நெல்லிக்குப்பம்

ஏழு ரூபாய்க்கு பிளாஸ்டிக்கில் முட்டை செய்து லாபம் பார்க்கிற ஆளைக் கண்டால் எனக்கும் சொல்லுங்கள், பங்கு போடலாம்.

“பண்ணை முட்டையின் மஞ்சள் கரு வெளிறியிருக்கிறது, சத்தில்லை. நாங்கள் நல்ல ஆரஞ்சு நிறக் கரு உள்ள நாட்டு முட்டைதான் வாங்குகிறோம். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பெட்டியில் ஆறு 96 ரூபாய். சரியான தேர்வுதானே?”
— லாஸ்பேட்டை

இல்லை. இந்த ஆரஞ்சு நிறப் பைத்தியம் பற்றி ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மஞ்சள் கருவின் நிறம் கோழியின் ஜாதியைச் சொல்வதில்லை, அது சமீப நாட்களில் என்ன தின்றது என்பதைச் சொல்கிறது. கீரை, புல், மஞ்சள் சோளம் இவற்றில் உள்ள நிறமி அப்படியே கருவில் இறங்கும். மக்காச்சோளத் தீவனம் தின்னும் பண்ணைக் கோழிக்கு அதனால்தான் மஞ்சளாகக் கரு வருகிறது. பாகூர் பக்கம் களத்தில் நொய்யும் நெல்லும் பொறுக்கித் தின்னும் அசல் நாட்டுக் கோழியின் கரு கோடையில் வெளிறிப் போயிருக்கும். மழை பெய்து புல் முளைத்த பிறகு அதே கோழி, அதே வீடு, கரு மட்டும் சிவந்துவிடும்.

இது தீவனக்காரர்களுக்கு நமக்கு முன்பே தெரியும். சாமந்திப்பூச் சாறு, மிளகாய்ச் சிவப்பு நிறமி இரண்டையும் தீவனத்தில் கலந்தால் எந்தக் கூண்டுக் கோழியும் ஆரஞ்சுக் கரு வைக்கும். எந்த அளவு ஆரஞ்சு வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பெயின்ட் கடை அட்டை மாதிரி எண் போட்ட நிற அட்டைகூட வைத்திருக்கிறார்கள். அந்த நிறமிகளில் பெரும்பாலானவை வைட்டமின் ஏ ஆக மாறுவதும் இல்லை. கருவிலுள்ள வைட்டமின் ஏ-க்குத் தனியாக அவ்வளவு நிறமும் கிடையாது. ஆக, நிறத்தைப் பார்த்துச் சத்தைக் கணக்கிட முடியாது.

உங்கள் பெட்டிக்கு வருவோம். ஆறும் ஒரே பழுப்பு, ஒவ்வொன்றும் 55 கிராமுக்கு மேல் என்றால் அது பழுப்பு முட்டை இடும் பண்ணைக் கோழியுடையதாகத்தான் இருக்கும். வியாபாரத்தில் பி.வி. 380 என்று ஒரு ரகம் பெயர் போனது. வருஷத்துக்கு 300-ஐ ஒட்டி முட்டை வைக்கும். வீட்டு நாட்டுக் கோழி 60, 80 வைத்தாலே அதிகம். பத்துப் பதினைந்து வைத்ததும் அடையில் உட்கார்ந்துவிடும். அவ்வளவு குறைவாக வைக்கிற கோழியின் முட்டை, வருஷம் பூரா, எந்த நாளும், அடுக்கடுக்காக எப்படி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நிற்கும்? பழுப்பு முட்டை கெட்டதில்லை, நல்ல முட்டைதான். ஆனால் வெள்ளை முட்டைக்கும் அதற்கும் வித்தியாசம் ஓட்டுப் பூச்சு. அந்தப் பூச்சுக்கு நீங்கள் முட்டைக்கு ஒன்பது ரூபாய் கூடக் கொடுக்கிறீர்கள்.

“நாட்டு முட்டை 15 ரூபாய், பண்ணை முட்டை 7 ரூபாய். ஜிம் போகும் மகனுக்கு எது லாபம்? ருசி வித்தியாசம் நிஜமா?”
— மஞ்சக்குப்பம்

வீட்டு மளிகைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பண்ணை முட்டை 54 கிராம், நாட்டு முட்டை 38. ஓட்டைக் கழித்தால் சாப்பிடக் கிடைப்பது சுமார் 48, 34. நூறு கிராமுக்குப் புரதம் இரண்டிலும் ஏறக்குறைய 13 கிராம்தான். அதனால் பண்ணை முட்டையில் 6 கிராம் புரதம், நாட்டு முட்டையில் நாலரை. ஒரு கிராம் புரதத்துக்கு முதலாவதில் ஒரு ரூபாய் சொச்சம், இரண்டாவதில் மூன்றே கால் ரூபாய்க்கு மேல். மகனுக்கு வெள்ளை முட்டை வாங்கிக் கொடுங்கள்.

ருசி நிஜம்தான், காரணம் வேறு. நாட்டு முட்டையில் குறைவது பெரும்பாலும் வெள்ளைக்கரு. மஞ்சள் கரு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சின்ன முட்டையில் அதே அளவு மஞ்சள் என்றால் வாயில் கொழுப்புச் சுவை தூக்கலாக இருக்கும். அப்புறம், அது பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் புதுசாகவும் இருக்கும். வீட்டில் ஒருமுறை இரண்டு முட்டையின் மஞ்சளை மட்டும் எடுத்து, உப்புப் போட்டு மசித்து, கண்ணைக் கட்டிக் கொடுத்துப் பார்த்தோம். ‘நாட்டு முட்டை வாசனையே தனி’ என்று பத்து வருஷமாகச் சொல்லும் என் தம்பி பண்ணை முட்டையைக் காட்டினான். வெயிலில் மேய்ந்த கோழியின் கருவில் வைட்டமின் டி கூடுதல் என்பது மட்டும் உண்மை. மேய்ந்திருந்தால்!

“மகள் பெரியவளாகி நாலு நாள். தினம் காலையில் நாட்டு முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு கொடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளை குமட்டுகிறாள்.”
— பண்ருட்டி

குமட்டுவது அவள் உடம்பு சொல்லும் புத்தி. பச்சை வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேரும், வெந்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். அதோடு கொல்லையில் கிடந்த முட்டையின் ஓட்டில் எச்சம் ஒட்டியிருக்கும், சால்மோனெல்லா கிருமிக்கு நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி பேதம் கிடையாது. நல்லெண்ணெயை வாணலியில் விட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, கரு கெட்டியாகும்வரை வேகவிட்டுக் கொடுங்கள். உளுந்தங்களியும் உண்டல்லவா, அதை விடாதீர்கள். பெரியவர்களுக்கு மனக்குறை வராது, எண்ணெயும் முட்டையும் உள்ளே போய்விட்டதே.

“வீடியோவில் பார்த்த ஒரு பண்ணைக்கு 200 நாட்டு முட்டைக்கு முன்பணமாக 2,400 ரூபாய் ஜிபே செய்தேன். பில் இல்லை. வந்தது 140 தான், அதிலும் பாதி மிதக்கிறது. இப்போது போன் எடுக்கவில்லை.”
— குறிஞ்சிப்பாடி

வீட்டில் எத்தனை பேர்? 200 முட்டை எதற்கு? பில்லும் கேட்காமல், விலாசமும் தெரியாமல், வீடியோவில் கோழி கொக்கரித்ததை நம்பிப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். சரி, திட்டி முடித்துவிட்டேன். பணம் போன ஸ்கிரீன்ஷாட், பேசிய மெசேஜ், மிதக்கும் முட்டைகளின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பணம் வாங்கிவிட்டு ஆளே காணாமல் போயிருந்தால் 1930 சைபர் குற்ற உதவி எண். மிதந்தவற்றை ஆம்லெட் போட்டுத் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், தென்னைமரத்துக்குப் புதையுங்கள்.

“மே மாதம் வில்லியனூர் பக்கம் ஒரு வீட்டில் வாங்கிய நாட்டு முட்டையை உடைத்தால் கருவில் சிவப்பு நரம்பு. பயந்து அத்தனையும் கொட்டிவிட்டேன். ஏமாற்றினார்களா?”
— முத்தியால்பேட்டை

ஏமாற்றவில்லை. நீங்கள் வாங்கியது அசல் நாட்டு முட்டை என்பதற்கே அது ஒரு சாட்சி. அந்த வீட்டில் சேவல் இருக்கிறது. முட்டைக்கென்று வளர்க்கும் பண்ணையில் சேவல் கிடையாது, அங்கே கரு உயிர்பெற வழியில்லை. சேவல் கூடிய முட்டையை 27 டிகிரிக்கு மேல் வைத்தால் உள்ளே மெல்ல வளர்ச்சி ஆரம்பித்துவிடும். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுக் கூடையில் ஒரு வாரம் கிடந்தால் நரம்பு ஓடத்தான் செய்யும். ஒற்றைச் சிவப்புப் புள்ளி வேறு விஷயம், அது கோழியின் உள்ளே சின்ன ரத்தக்குழாய் வெடித்தது. கரண்டியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

உடைத்த முட்டையின் மஞ்சள் மேல் வெள்ளைப் புள்ளியைக் கவனியுங்கள். பிசிறாக, கெட்டியாக இருந்தால் சேவல் கூடாதது. வளையம் வளையமாக, நடுவில் தெளிந்து வட்டமாக இருந்தால் சேவல் கூடியது. அந்த வட்டத்தை டீத்தூளால் செய்ய முடியாது.

கோடையில் அந்த வீட்டம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எப்போ வெச்சது?” மூன்று நாளைக்கு உள்ளே என்றால் எட்டு, பத்து மட்டும் வாங்கி, வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். “அது ஆச்சு ஒரு வாரம்” என்றால் ஜூலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.