500 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீடா, தவணை கட்டிவிடும்

"சோலார் போட லோன் எடுத்தா, கரண்டு பில்லுல மிச்சமாகுற காசே தவணைக்குப் பத்துமாங்க?"

எங்கள் வீட்டுக்குப் பத்தியது. பெரியப்பா மகன் வீட்டுக்குப் பத்தாது. காரணம் கரண்டு கட்டண ஸ்லாபுங்க.

எங்களுக்கு ரெண்டு ஏசி, ஒரு கிணத்து மோட்டார். ரெண்டு மாசத்துக்கு 800 யூனிட் ஓடும். 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம் போக, 400 வரை 4.80, அடுத்த நூறுக்கு 6.45, அதற்கடுத்த நூறுக்கு 8.55, அதற்கு மேல் 800 வரை 9.65. கூட்டினால் 4,870 ரூபாய். மாசத்துக்கு 2,435.

3 கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு 12 யூனிட் பக்கம் தரும். ரெண்டு மாசத்துக்கு ஏறக்குறைய 700. மிச்சம் நூறு யூனிட் இலவசத்திலேயே போய்விடுகிறது. பேனலுக்கு ஆன செலவு 1,90,000. கையிலிருந்து 19,000 போட்டு, மீதி 1,71,000 வங்கியில் 7 சத வட்டிக்கு வாங்கினோம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம் 78,000 வந்ததும் அதை அப்படியே கடனில் கட்டினேன். மீதி 93,000க்கு அஞ்சு வருசத் தவணை மாசம் 1,840 சொச்சம். மிச்சமாகும் 2,435ல் கட்டிவிட்டு அறுநூறு ரூபாய் நிற்கிறது. மானியம் வரும்வரை முழுக்கடனுக்கு 3,390 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அந்த மாசங்களுக்குக் கையில் காசு வெச்சுக்கங்க.

பெரியப்பா மகனுக்குத் தறி உண்டு, அதனால் கரண்டு நிறைய ஓடுதுன்னு நினைச்சார். ஆனால் தறி சர்வீஸ் தனி, வீட்டு மீட்டர் தனி. வீட்டு மீட்டரில் சேர்க்கிற சோலார் வீட்டு பில்லைத்தான் குறைக்கும். அந்த மீட்டரில் 380 யூனிட்தான். 500க்குள் ஓடுறவங்களுக்கு 101 முதல் 200 வரை 2.35, 400 வரை 4.70 என்பதால் பில் 1,081 ரூபாய். மாசத்துக்கு 540. அதே 93,000ஐப் பத்து வருசத்துக்கு நீட்டினாலும் தவணை 1,080 ஆகிறது. நேர் பாதி கையிலிருந்து போகும். வேண்டாம்ணா என்று சொல்லிவிட்டேன்.

கடன் எங்கே வாங்குறீங்க என்பதும் கணக்கை மாற்றும். பேனல் விற்கிறவரே ஏற்பாடு செய்யும் பர்சனல் லோனில் 14 சதம் போட்டால் 1,71,000க்கு அஞ்சு வருசத் தவணை 3,980 பக்கம். மானியத்தைக் கட்டி 93,000 ஆக்கினாலும் 2,160 பக்கம். எங்களுக்கு நிற்கிற அறுநூறு 270 ஆகிவிடும்.

இடத்தையும் பாருங்க. மதியம் மூணு மணிக்குத் தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனல் மேல் விழுந்ததும், ஆப்பில் அந்த வரிசையின் உற்பத்தி சடார்னு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். ரெண்டு மட்டையை வெட்டியதும் சரியாச்சு. பக்கத்தில் பஞ்சு மில் இருந்தால் பதினைஞ்சு நாளைக்கொருமுறை தண்ணி விட்டுத் துடைக்கணும்.

இன்னொன்று, பேட்டரி இல்லாத இந்த அமைப்பு கரண்டு போனால் தானும் நின்றுவிடும். யூபிஎஸ் செலவு மிச்சம்னு கணக்கில் சேர்த்துராதீங்க.

கடைசி ஆறு பில்லை எடுத்து யூனிட்டைப் பாருங்க. எல்லாமே 500க்கு மேலே இருந்தால் பத்து வருசத் தவணை போட்டு லோனுக்குப் போங்க. எங்களை மாதிரி அஞ்சு வருசத்தில் முடிக்கணும்னா 680 யூனிட்டாவது ஓடணும்.