தையல் ஓரத்துக் கறுப்புப் புள்ளிகள்: வீட்டிலேயே சுத்தம் செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா?

கேள்வி: மும்பை செம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு மாதமாகக் காலையில் எழுந்தால் மகளின் முன்கையில் வரிசையாகத் தடிப்புகள். எனக்கும் கணவருக்கும் ஒன்றும் இல்லை. மெத்தையின் தையல் ஓரங்களை நான்கு படங்கள் எடுத்து அனுப்பியுள்ளேன். மூட்டைப்பூச்சிதானா? வெந்நீர், வெயில் என்று நாமே பார்த்துக்கொள்ளலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா? கீழ்க்கடைக்காரர் சொல்லி வந்த ஒருவர், ஒரே தடவை மருந்தடித்தால் போதும், இரண்டு வருடம் கேரண்டி, மெத்தையை மட்டும் தூக்கிப் போட வேண்டும், அதையும் அவரே எடுத்துக்கொள்வார் என்கிறார்.

பதில்: மூட்டைப்பூச்சிதான். ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும், ஆனால் வந்து பேசிவிட்டுப் போன அந்த ஆளை அல்ல. மெத்தையை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் படத்தில், மெத்தையின் தலைமாட்டு மூலையில் தடித்த பைப்பிங் தையலை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக இருக்கின்றன. அவை பூச்சியின் எச்சம், அதாவது குடித்துச் செரித்த இரத்தம். அது ஈரமாக விழுவதால், பேனா முனையைத் துணியில் ஊன்றி எடுத்ததுபோல ஓரம் கசிந்து நூலுக்குள் ஊறிவிடுகிறது. நகத்தால் சுரண்டினால் உதிராது. கரப்பான் எச்சமோ மேலே பொடியாக நிற்கும், தட்டினால் விழுந்துவிடும். ஐயம் இருந்தால் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, புள்ளியின் மேல் பத்து விநாடி அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துரு நிறத்திலோ செம்பழுப்பாகவோ தீற்றல் வந்தால் அதற்கு மேல் நிபுணர் யாரும் தேவையில்லை.

இரண்டாவது படம்தான் எனக்கு அதிகம் சொல்லியது. கம்பெனிச் சீட்டு தைத்திருக்கும் மடிப்பைத் தூக்கிப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள்; நல்ல வேலை செய்தீர்கள். அங்கே வைக்கோல் நிறத்தில், உள்ளே ஒன்றுமில்லாத கூடுகள் கிடக்கின்றன. முட்டையிலிருந்து வரும் குஞ்சு வளர்ந்து முடிவதற்குள் ஐந்து முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறைக்கும் முன் ஒரு தடவையாவது இரத்தம் குடித்தாக வேண்டும். உங்கள் படத்தில் கடுகை விடச் சிறிய கூடும் இருக்கிறது, கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் கூடும் இருக்கிறது. எனவே, பெட்டியிலோ பையிலோ ஒட்டிக்கொண்டு நேற்று வந்த ஒற்றைப் பூச்சி அல்ல இது. பல வாரங்களாக அங்கேயே பிறந்து வளர்கிறது. நீங்கள் முட்டை என்று வட்டமிட்டிருக்கும் வெண்மை வெறும் பஞ்சுத் துணுக்கு. உண்மையான முட்டை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளத்தில், பளபளப்பாக, பசை வைத்ததுபோலத் துணியோடு ஒட்டியிருக்கும்.

மூன்றாவது படத்தைப் பார்த்துத்தான் நீங்கள் மிகவும் பயந்திருக்கிறீர்கள், ஆனால் அதற்கும் மூட்டைப்பூச்சிக்கும் தொடர்பில்லை. மெத்தையின் அடிப்பக்கம் முழுவதும் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருப்பது பூஞ்சை. மும்பை மழைக்காலத்தில், காற்றுப் புகாத பலகையின் மேல் படிந்து கிடக்கும் மெத்தை எதிலும் அது வரும். பூச்சியின் எச்சம், பூச்சி ஒளிந்திருக்கும் தையலையும் மடிப்பையும் ஒட்டிக் கொத்தாக இருக்கும். பூஞ்சை வெட்டவெளியில் திட்டாகப் பரவும், ஈரத்துணியில் செம்பழுப்பு வராது, முகர்ந்தால் முக்கல் நாற்றம் அடிக்கும். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தப் பூஞ்சையைத் தின்ன, புத்தகப்பேன் என்ற மிகச் சிறிய வெளிறிய பூச்சி வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்னிடம் செலோடேப்பில் ஒட்டிக் கொண்டுவரப்படுபவற்றில் அது நிறையவே இருக்கும். அது கடிக்காது. தலை பெரிதாக, கழுத்து ஒடுங்கி, உடல் நீளவாக்கில் இருக்கும், விட்டுவிட்டு ஓடும். மூட்டைப்பூச்சிக் குஞ்சும் வெளிறித்தான் இருக்கும், ஆனால் தட்டையாக, முட்டை வடிவில் இருக்கும். இரத்தம் குடித்திருந்தால் வயிற்றில் சிவப்பு தெரியும். அறையை உலர்த்தினால் புத்தகப்பேன் தானாகப் போய்விடும். இதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து மருந்தடித்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். மருந்தடித்தவருக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை, சொன்னால் வேலை போய்விடும் என்பதால் அவர் சொல்லவில்லை.

மகளின் தடிப்பை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒரே கட்டிலில் படுப்பவர்களில் ஒருவருக்குத் தடிக்கும், மற்றவருக்கு அடையாளமே இருக்காது. உங்கள் இருவருக்கும் தடிக்கவில்லை என்பதால் உங்களைக் கடிக்கவில்லை என்று பொருளல்ல.

இனி முடிவைத் தீர்மானிக்கும் நான்காவது படம். அது மெத்தையே அல்ல. பாக்ஸ் கட்டிலின் உள்மூலை. இரண்டு ப்ளைப் பலகை சேரும் இடத்தில் ஒரு திருகாணிக் குழி. அந்தக் குழியின் வாயைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். வீட்டிலேயே முடியுமா என்பதற்கு மெத்தையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. பூச்சி ஒளிந்திருக்கும் இடம் உங்கள் கைக்கு எட்டுகிறதா என்றே பார்க்க வேண்டும். மெத்தையிலும், இரும்புக் கட்டிலிலும், ஓர் அறைக்குள் மட்டும் இருந்தால், பொறுமையுள்ளவர்கள் மூன்று நான்கு வாரத்தில் தாங்களே ஒழித்துவிடலாம். இரும்புக் கட்டிலின் இணைப்புகளில் கொதிநீர் ஊற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒட்டி, ஆணியடித்து, சன்மைக்கா போர்த்திய பாக்ஸ் கட்டிலின் இடுக்குக்குள் உங்கள் வெந்நீரும் எட்டாது, வெயிலும் எட்டாது. ஊற்றினால் ப்ளைதான் ஊதும். ஆகவேதான் உங்களுக்கு ஆள் தேவை. இன்றிரவே டார்ச்சும் பழைய ஏ.டி.எம். கார்டும் எடுத்துக்கொண்டு, கட்டிலின் தலைப்பலகைப் பின்புறம், சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம், திரைச்சீலையின் மேல்மடிப்பு, ஹாலில் உள்ள சோபாவின் அடித்துணி ஆகியவற்றையும் பாருங்கள். வருபவரிடம் எந்தெந்த இடம் என்று நீங்களே காட்ட வேண்டும்.

ஆள் வருவதற்கு முன் நீங்கள் செய்யும் சுத்தம்தான் அவருடைய மருந்துக்கு வேலை கொடுக்கும். விரிப்பு, தலையணை உறைகளை அந்த அறையிலேயே பிளாஸ்டிக் பையில் கட்டி, நேராக மெஷினுக்குக் கொண்டுபோய் 60 டிகிரியில் துவையுங்கள். மெத்தைத் தையலை, இடுக்குக்கான ஒடுங்கிய முனையைப் போட்டு வாக்குவம் செய்து, தூசியை உடனே பையில் கட்டி வெளியேற்றுங்கள். முட்டை பசையோடு ஒட்டியிருப்பதால் வாக்குவத்தில் முழுதும் வராது. அதற்கு நீராவி வேண்டும். துணிக்கான ஸ்டீமர் இருந்தால் அதன் வாயில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆவியின் வேகத்தில் பூச்சி பறந்து வேறிடம் போய் விழும். ஒரு சாண் தையலைக் கடக்கப் பத்து விநாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். 50 டிகிரி உள்ளே எட்டினால் முட்டை உட்பட எல்லாம் சாகும். விறுவிறுவென்று ஓட்டினால் துணி நனைவது மட்டுமே மிச்சம். பிறகு மின்விசிறியின் கீழ் நன்றாக உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயிலில் மெத்தையின் மேல்துணி சுடும், ஆனால் பூச்சி அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். மழைக்காலத்தில் அந்தச் சூடும் இல்லை. மண்ணெண்ணெய் தேய்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். இன்னொன்று: பயந்து ஹாலில் போய்ப் படுக்காதீர்கள். நீங்கள் போகும் இடத்துக்குப் பூச்சியும் தேடி வரும், ஓர் அறைச் சிக்கல் இரண்டு அறைச் சிக்கலாகும்.

இப்போது அந்த ஆளைப் பற்றி. ஒரே தடவையில் முடித்துத் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். பெரும்பாலான மருந்துகள் முட்டைக்குள் போவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஒன்றரை வாரத்துக்குள் பொரித்துவிடும். ஆகவே முதல் அடிப்புக்குப் பின் 10 முதல் 14 நாளுக்குள் இரண்டாவது அடிப்பு இருந்தே ஆக வேண்டும். இரண்டு வருட கேரண்டி என்பது அவருடைய போன் நம்பர் மாறும் வரைதான். மெத்தையைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்பதற்குக் காரணம் கருணை அல்ல. அது குப்பைக்குப் போவதில்லை, புதுத்துணி போர்த்தி வேறு யாருடைய வீட்டுக்கோ போகும். தையல் கிழிந்து பஞ்சு வெளியே வராத மெத்தையைத் தூக்கிப் போட வேண்டிய தேவையே இல்லை. சுத்தம் செய்து, முழுதும் மூடும் ஜிப் உறை போட்டு, ஒரு வருடம் கழற்றாமல் விடுங்கள்.

வேறு ஆளைத் தேடும்போது மூன்று விஷயம் கேளுங்கள். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா, எந்த மருந்து, எத்தனை தடவை. மருந்தின் மூல டப்பாவைப் பாருங்கள். பதிவு எண்ணும், நச்சின் அளவைக் காட்டும் நிறமுள்ள சின்னமும் அதில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் கலந்து கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பைரித்ராய்டு வகை மருந்து மட்டும் அடித்தால் பல இடங்களில் பூச்சி சாவதில்லை, பழகிவிட்டது. வேறு வகையும் சேர்த்து அடிப்பீர்களா என்று கேளுங்கள். டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்து 2020 டிசம்பர் 31 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது, இருந்தும் யாராவது பழைய சரக்கைத் தூக்கிக்கொண்டு வரத்தான் செய்கிறார்கள். தானியக் கிடங்குக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கடியில் வைக்கிறேன் என்று எவராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அதிலிருந்து வரும் வாயு இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். அதனால் குடியிருப்புகளில் உயிர்கள் போயிருக்கின்றன. இதையெல்லாம் சரிபார்ப்பது வீட்டுக்காரம்மாவின் வேலையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். உரிமம் கொடுக்கும் அலுவலகத்தார் உரிமம் கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். மாநகராட்சியில் கொசுவையும் எலியையும் பார்க்க ஆள் உண்டு, உங்கள் கட்டிலைப் பார்க்க யாருமில்லை.

மருந்து அடித்த நாளில் அது காயும் வரை மகளோடு வெளியே இருங்கள். அடித்த ஓரங்களை இரண்டாவது அடிப்பு முடியும் வரை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பழைய கறைகளை முன்கூட்டியே சோப்பு நீரால் துடைத்துவிட்டு, வெள்ளை விரிப்பு போட்டு, வாரம் ஒருமுறை அதே நான்கு இடங்களையும் அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது அடிப்புக்குப் பின் ஆறு வாரம் வரை புதுப் புள்ளி எதுவும் இல்லையென்றால் முடிந்தது என்று கொள்ளலாம். புள்ளி தென்பட்டால் அந்தப் படத்தைக் காட்டி அவரைத் திரும்ப வரச் சொல்லுங்கள். கூலியில் பாதியைக் கடைசி வரை கையில் வைத்திருந்தால்தான் அவர் வருவார்.