எந்தப் பக்கமிருந்து நாள் எண்ணுவது?

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிறது. கணவருக்குக் கோவையில் வேலை, லீவு கிடைக்கும்போதுதான் வருவார். இந்த மாதம் 3-ஆம் தேதி தூரமானேன். 7-ஆம் தேதி ராத்திரி, இன்னும் கொஞ்சம் உதிரம் இருக்கும்போதே சேர்ந்திருந்தோம். முழு உறவு இல்லை. வாசலில் பட்டதோடு சரி, விந்து வருவதற்கு முன்பே விலகிவிட்டார். "தூரத்தில் கரு நிற்காது" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு 22, 23 நாளைக்கு ஒருமுறை வந்துவிடும். இப்போது குழந்தை வேண்டாம் என்றிருக்கிறோம். பயப்பட வேண்டுமா?
— பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அவருக்குச் சரியாக இருந்திருக்கலாம். உங்களுக்குச் சரியில்லை. அதற்குக் காரணம் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 22, 23 நாள்தான்.

நம் ஊரில் எல்லோரும் தூரமான நாளிலிருந்து முன்னோக்கி எண்ணி, "பதினாலாம் நாள் முட்டை வரும்" என்கிறார்கள். அது 28 நாள் சுற்று உள்ளவருக்குத்தான் பொருந்தும். கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த தூரம் வர ஏறக்குறைய 14 நாள் ஆகும். இந்தப் பின்பாதி ஒரே பெண்ணுக்கு மாதாமாதம் பெரிதாக மாறுவதில்லை. நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முன்பாதிதான். அதனால் அடுத்த தூரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

உங்கள் தேதியையே போட்டுப் பார்ப்போம். 3-ஆம் தேதி தூரம், 22 நாள் சுற்று என்றால் அடுத்தது 25-ஆம் தேதி. அதிலிருந்து 14 நாள் பின்னால் போனால் 11-ஆம் தேதி. 23 நாள் என்றால் 12. ஓரிரு நாள் முன்னே பின்னே இருக்கும். ஆக, 7-ஆம் தேதி ராத்திரிக்கும் முட்டை வரும் நாளுக்கும் நடுவே நான்கைந்து நாள்தான் இருந்தது. முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஆனால் விந்தணு அப்படியல்ல. பிறப்புறுப்பின் புளிப்பில் சில மணி நேரத்தில் செத்துவிடும் என்றாலும், கருப்பை வாயின் வழவழப்பான நீருக்குள் ஏறிவிட்டால் ஐந்து நாள் வரைகூடத் தங்கும். முட்டை வரப்போகும் சில நாளுக்கு முன்பே அந்த நீர் இளகத் தொடங்கிவிடும். குறுகிய சுற்று உள்ளவருக்கு இது உதிரத்தின் கடைசி நாட்களிலேயே நடக்கலாம். உதிரம் விந்தணுவைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பவும் வேண்டாம்.

அந்த அக்காவுக்கு 28 நாள் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 3-ஆம் தேதி அவர் தூரமாகியிருந்தால் அடுத்தது 31, முட்டை வருவது 17 வாக்கில். 7-ஆம் தேதி உள்ளே போன விந்தணு 12-ஆம் தேதிக்குள் முடிந்துபோயிருக்கும். அவர் கவலையில்லாமல் தூங்கலாம். இருவருக்கும் ஐந்தாம் நாள்தான், ஆனால் ஒருவர் கணக்கு இன்னொருவருக்கு ஆகாது. "8 முதல் 19-ஆம் நாள் வரை தவிர்த்தால் போதும்" என்று சொல்லித் தரும் முறைகூட, 26 முதல் 32 நாள் சுற்று உள்ளவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்ததுதான். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஊரெல்லாம் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சரி, விந்து வரும் முன்பே விலகிவிட்டார் என்கிறீர்கள். உணர்ச்சி ஏறும்போது ஆணுக்கு முதலில் கசியும் தெளிவான பசை நீர், சிறுநீர்ப் பாதையை ஒட்டிய கௌப்பர் சுரப்பிகளிலிருந்து வருகிறது. அங்கே விந்தணு உண்டாவதில்லை. ஆனாலும் சிலரின் நீரில் அது கலந்து வருகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 27 ஆண்களின் நீரைப் பார்த்ததில் 11 பேரிடம் விந்தணு இருந்தது. அவர்களில் 10 பேருக்கு அது நீந்திக்கொண்டும் இருந்தது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. எண்ணிக்கை விந்தில் இருப்பதைவிடக் குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு. விலகும் முறையை மட்டுமே நம்பும் 100 ஜோடிகளில் ஓராண்டில் சுமார் 20 பேர் கருத்தரிப்பதற்கு இந்த நீரைவிட, சரியான நொடியில் விலகத் தவறுவதே பெரிய காரணம்.

உள்ளே போகவில்லை என்பது ஆபத்தை இன்னும் குறைக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல ஈரம் வாசலிலேயே பட்டிருந்தால், விந்தணு அங்கிருந்து நீந்தி மேலே போக முடியும். அரிதாக நடக்கும், ஆனால் நடக்கும். கன்னிச்சவ்வு கிழியாமலே கருவுற்றவர்கள் உண்டு. துணிக்கு மேல் உரசியது, தொடையில் பட்டுக் காய்ந்தது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தியது இவற்றிலெல்லாம் கரு நிற்காது. இந்தப் பயங்களோடும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன.

உங்கள் கடிதம் என் மேசைக்கு 14-ஆம் தேதி வந்தது. அதைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. 7-ஆம் தேதி ராத்திரியிலிருந்து 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் மறுநாள் காலையிலேயே, மெடிக்கல் கடையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசர மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டிருக்கலாம். சீட்டு கேட்க மாட்டார்கள். அது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல, முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். அதனால்தான் முட்டை வந்த பிறகு போட்டால் பயனில்லை. ஐந்து நாளுக்குள் மருத்துவரிடம் காப்பர்-டி வைத்துக்கொள்வது அதைவிட உறுதியான வழி. இனி இப்படி ஒன்று நடந்தால் பத்திரிகைக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். கேரளத்தில் 1056 என்ற திசா சுகாதார உதவி எண்ணை இரவிலும் கூப்பிடலாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். 25, 26-இல் வழக்கம்போல நன்றாகப் போக்கு வந்தால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது. வராவிட்டாலோ, ஓரிரு சொட்டாக வந்து நின்றுவிட்டாலோ, 28-ஆம் தேதி காலை முதல் சிறுநீரில் பரிசோதித்துப் பாருங்கள். நீங்கள் சேர்ந்திருந்து அன்றைக்கு 21 நாள் ஆகியிருக்கும். அதற்கு முன் பார்த்து "இல்லை" என்று வந்தால் அதை நம்ப முடியாது. சொட்டுப் போக்கைத் தூரம் என்று நினைத்து மாதக்கணக்கைத் தவறவிட்டவர்கள் நிறைய.

உங்கள் வார்டு ஆஷா பணியாளரிடம் பரிசோதனை அட்டை கேட்டுப் பாருங்கள். கடையிலும் கிடைக்கும். உறையில் தமிழ் இல்லையே என்று திகைக்க வேண்டாம். சி என்ற எழுத்துக்கு நேரே கோடு விழுந்தால்தான் அட்டை வேலை செய்திருக்கிறது. டி-க்கு நேரேயும் விழுந்தால், மங்கலாக இருந்தாலும், கரு உண்டு. சி-யில் மட்டும் விழுந்து தூரமும் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். இரண்டு கோடும் தெரிந்தால் சித்தூர் தாலுகா மருத்துவமனைக்கு அந்த வாரமே போங்கள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அங்கே மருத்துவரோடு பேசலாம். மாத்திரையால் கலைப்பதற்குக் கடைசித் தூரத்தின் முதல் நாளிலிருந்து 9 வாரம்தான் கெடு. உங்களுக்கு அது 3-ஆம் தேதியிலிருந்து எண்ண வேண்டும், 7-ஆம் தேதியிலிருந்து அல்ல.