இரண்டு நிமிடப் பதிவில் முதல் இருபது வினாடி

கேள்வி: சின்ன கடை வைத்திருக்கிறோம். போன் எடுக்க முடியாதபோது ஓடவும் கடை ஸ்பீக்கரில் போடவும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு வேண்டும். என்ன எழுதுவது?

உங்கள் கடையிலும் கல்லாவில் ஒருவர், வேலையில் ஒருவர் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கடை. பற்றவைக்கும் ஆசாரி வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அதனால் பதிவில் "பழுது பார்ப்பது வெள்ளி மட்டும்" என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு ஆத்தூரிலிருந்து ஓர் அம்மா செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். "என்னோடது வெள்ளிதானே தம்பி?" என்று அறுந்த கொலுசைக் காட்டினார். நான் சொன்னது கிழமை, அவர் கேட்டது உலோகம். அவரை வெறும் கையோடு அனுப்பியது இன்னும் உறுத்துகிறது. அன்றே "வெள்ளிக்கிழமை" என்று மாற்றினேன்.

இரண்டு நிமிடம் என்றால் நிதானமாகப் படிக்க நூற்றெண்பது சொல் வரும். ஸ்பீக்கருக்கு அது சரி. போனில் அவ்வளவு நேரம் யாரும் காத்திருப்பதில்லை. அதனால் இரண்டு துண்டாகப் பதியுங்கள். போனுக்கான துண்டு இருபது வினாடி போதும். எங்களுடையது இது:

"வணக்கம், கொலுசுக் கடை. இப்போது போன் எடுக்க முடியவில்லை. கடை காலை பத்து முப்பதிலிருந்து இரவு எட்டு வரை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பழுது வேலை வெள்ளிக்கிழமை மட்டும். ஒலி கேட்டதும் உங்கள் பெயர், கொலுசு நீளம் எத்தனை அங்குலம், போன் எண் சொல்லுங்கள். எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள்."

"பத்தரை" என்று சொன்னபோது கடைசி "ரை" அமுங்கி, பலர் பத்துக்கே வந்து ஷட்டர் முன்னால் நின்றார்கள். அதனால்தான் "பத்து முப்பது". பின்னால் நாதஸ்வரம் வைக்காதீர்கள். செல்போன் வழி பேச்சுக்கு ஏற்றபடி ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது, இசை அதில் கரகரத்து சொல்லையும் மறைக்கும். ஸ்டுடியோக்காரர்கள் கோபிக்க வேண்டாம், கடைக்குள் போடும் பதிவில் இசை நன்றாகவே இருக்கும்.

மீதி நூறு வினாடி கடைக்குள் ஓடட்டும். செய்கூலி எப்படிப் போடுகிறோம், பழைய வெள்ளியை எடை போட்டு எப்படிக் கழிக்கிறோம், திருகு தளர்ந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வரலாம். விலையை மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளி விலை தினமும் மாறுகிறது, நேற்றைய பதிவைக் காட்டி இன்று சண்டைக்கு வருவார்கள். பண்டிகை விடுமுறையையும் தனித் துண்டாகப் பதிந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

"இதுக்கெல்லாமா எழுதி வைப்பாங்க, வாய்க்கு வந்ததைப் பேச வேண்டியதுதானே" என்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படிப் பேசித்தான் அந்த அம்மாவை அலைய வைத்தேன். இன்னொரு வருத்தம், கேள்விக்குச் சம்பந்தமில்லை: கடனுக்குக் கொலுசு எடுத்துப்போன வியாபாரிகள் ஒருவர்கூட அந்தப் பதிவில் பெயர் சொல்லி வைப்பதில்லை. ஆசாரிக்குக் கூலியை நான் வாரா வாரம் கொடுத்தாக வேண்டும்.

பதிந்ததும் கடை விவரம் தெரியாத ஒருவரை வேறு போனிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். கேட்டதை அவர் திருப்பிச் சொல்லட்டும். எங்கள் அத்தைதான் "வெள்ளிக்கிழமை" சரியாக விழுகிறதா என்று கேட்டுச் சொன்னார்.