பட்டம் உள்ளே வாங்கியது, முகவரி வெளியே வேண்டும்

"என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 16 ஆண்டுகளாக மதுரை மத்திய சிறையில் இருக்கிறார். உள்ளேயே பி.ஏ. முடித்தார், தையலும் கற்றுக்கொண்டார். ஆனாலும் 'காவல்துறை அறிக்கை சாதகமாக இல்லை' என்று முன்விடுதலை மனுவை நிராகரித்துவிட்டார்கள். வரப்புத் தகராறில் நடந்த சம்பவம் அது. எதிர்த்தரப்பு இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறது, சிவில் வழக்கும் நடக்கிறது. படித்துத் திருந்தியவருக்கு இதுதான் நீதியா? ரிட் போடலாமா?"

– வாசகி, சிவகங்கை மாவட்டம்

மனுவில் எந்த முகவரியைக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சொந்த ஊர் முகவரியாகத்தான் இருக்கும். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த ஒரு வரியில்தான். நீதியா அநீதியா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

முன்விடுதலையைப் பரிசீலிக்கும்போது பார்க்க வேண்டிய ஐந்து அம்சங்களை லட்சுமண் நஸ்கர் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. குற்றம் தனிப்பட்டதா, சமூகத்தைப் பாதித்ததா. அது மீண்டும் நிகழ வாய்ப்புண்டா. குற்றம் செய்யும் இயல்பு இன்னும் இருக்கிறதா. மேலும் சிறையில் வைப்பதால் பயனுண்டா. குடும்பத்தின் நிலை என்ன. பட்டமும் தையலும் மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்குப் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கான பதில் சான்றிதழில் இல்லை, ஊரில் இருக்கிறது. நன்னடத்தை அலுவலரும் காவல்துறையும் விசாரித்து எழுதுவது அதைத்தான்.

என்னிடம் வந்த ஒரு குடும்பம் சொந்த ஊரையே எழுதிக் கொடுத்திருந்தது. இறந்தவரின் வீடு மூன்று வீடு தள்ளி. நன்னடத்தை அலுவலர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கைதியின் தம்பி, "வரட்டும் சார், யார் என்ன செய்றாங்கன்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். பாசத்தில் சொன்ன வார்த்தை, அறிக்கையில் 'மோதல் ஏற்பட வாய்ப்புள்ளது' என்று பதிவானது. மனு நிராகரிக்கப்பட்டது. ரிட் போட்டோம், 'காரணம் கூறி மறுபரிசீலனை செய்க' என்று உத்தரவும் பெற்றோம். ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதே முகவரிக்கு அதே அறிக்கை மறுபடியும் வந்தது. பெரும்பாலும் நீதிமன்றம் மறுபரிசீலனைக்குத்தான் அனுப்பும், நேரடியாக விடுதலை செய்யாது என்பதை மனதில் வையுங்கள். முகவரி மாறாத வரை ரிட் உங்களுக்குக் காலவிரயம்.

பிறகு திருப்பூரில் இருந்த அக்கா வீட்டைக் கொடுத்தோம். அங்கும் ஒரு தவறு நடந்தது. விசாரிக்க வந்தவரிடம் வீட்டு உரிமையாளர், "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே" என்றார். அதைச் சரிசெய்து, வாடகை ஒப்பந்தத்தையும், வேலை தருவதாக ஒரு பின்னலாடைத் தையலகம் எழுதித் தந்த கடிதத்தையும் இணைத்தோம். அதற்கும் முன்பாக, கைதி சில நாட்கள் வெளியே வந்துபோக அனுமதிக்கும் சாதாரண விடுப்பை அந்த வீட்டிலேயே கழிக்க ஏற்பாடு செய்தோம். விடுப்பில் அவர் ஊர்ப்பக்கம் போகவில்லை, சிறைக்குத் திரும்பவேண்டிய நாளில் திரும்பினார். அடுத்த அறிக்கை எழுதியவருக்கு ஊகத்துக்குப் பதிலாக நடந்த ஒன்று கையில் இருந்தது. சிறையில் கற்ற தொழில் உண்மையில் பயன்பட்டது இங்கேதான், ஏனென்றால் தையல் தெரிந்தவருக்குத் திருப்பூரில் வேலை தருவதாக ஒருவர் கையெழுத்திட முடிந்தது. உங்கள் அண்ணனின் தையலையும் அப்படி ஒரு இடத்தோடு இணைத்துக் காட்டுங்கள்.

கணக்கு பற்றி ஒரு வார்த்தை. கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் உண்மையாக 14 ஆண்டுகள் சிறையில் கழித்திருக்க வேண்டும். தண்டனைக் குறைப்பு நாட்கள் அதில் சேராது. பரோல் விடுப்பில் வெளியே இருந்த நாட்களும் சேராது என்று 2023-இல் ரோஹன் துங்கட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுப்பு நாட்களைக் கழித்து 16-ஐ மறுபடி எண்ணிப் பாருங்கள்.

இனி நீங்கள் விரும்பாததைச் சொல்கிறேன். வரப்பு வழக்கை ராஜி செய்துகொள்ளுங்கள். அந்த வழக்கு உயிரோடிருக்கும் வரை பகை உயிரோடிருக்கிறது என்று காவல்துறை எழுதிக்கொண்டே இருக்கும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒரு முழ நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள். ஆனால் நீங்களோ உறவினரோ அவர்கள் வீட்டுப் படியேறி "ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கவே கூடாது. மறுநாளே அது மிரட்டல் புகாராக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு இருதரப்பு வழக்கறிஞர்கள் வழியாகவே நடக்கட்டும். ராஜி மனுவில் அண்ணனின் விடுதலை பற்றி ஒரு சொல்லும் இடம்பெற வேண்டாம், நிலத்தைக் கொடுத்து விடுதலை வாங்கியதாகத் தோன்றிவிடும்.

விடுதலை நிபந்தனையோடு வந்தால் அந்த ஆணையை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் அவரை அழைத்து வாருங்கள். நிபந்தனை மீறப்பட்டதாக அரசு கருதினால் விடுதலையை ரத்து செய்யலாம், மீதித் தண்டனையை அவர் கழிக்க நேரும். ஆயுள் கைதிக்கு மீதி என்பது எஞ்சிய வாழ்நாள். ரத்து செய்யும் முன் அறிவிப்பு கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றாலும், அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. திருவிழாவுக்கு ஒருநாள் ஊருக்கு வந்துபோனால் என்ன என்று அம்மா கேட்பார். வேண்டாம், அம்மாவை அண்ணன் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள்.

முதலில் ராஜி, அடுத்து புதிய முகவரியில் ஒரு விடுப்பு, அதன் பிறகு புதிய மனு.