பாட்டி முகம் ஏன் பூசணிக்காய் ஆனது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில், பாட்டி பேத்திக்குக் கதை சொல்வது போல ஓவியம் தீட்ட ஆசை. படம் ஏ4 தாளில் படுக்கைவாட்டில் இருக்கிறது. சுவர் 15 அடி அகலம், 8 அடி உயரம். தாளை அகலத்தில் பத்தாகவும் உயரத்தில் எட்டாகவும் பிரித்தேன். சுவரையும் அதேபோல் பிரித்து, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தேன். பாட்டி முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றுவிட்டது. வெள்ளை அடித்து அழித்துவிட்டேன். எங்கே தப்பு செய்தேன்?

பதில்: உங்கள் கை ஒரு தப்பும் செய்யவில்லை. கட்டங்களின் எண்ணிக்கையும் சரிதான். தப்பு கட்டத்தின் வடிவத்தில்.

ஏ4 தாள் 29.7 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். பத்தாகவும் எட்டாகவும் பிரித்தால் ஒரு கட்டம் ஏறக்குறைய 3 செ.மீ. அகலம், 2.6 செ.மீ. உயரம். பார்ப்பதற்குச் சதுரம் போலவே இருக்கும், சந்தேகமே வராது. சுவரில் அதே கட்டம் 18 அங்குல அகலம், 12 அங்குல உயரம். இது சதுரம் இல்லை, நீள்சதுரம். அதாவது உங்கள் படம் அகலத்தில் 15.4 மடங்கும் உயரத்தில் 11.6 மடங்கும் பெரிதாகியிருக்கிறது. தாளில் பாட்டி முகம் 3 செ.மீ. அகலமும் 4 செ.மீ. உயரமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் அது 46 செ.மீ. அகலம், 46 செ.மீ. உயரம் என்று வரும். நீள முகம் பெட்டி முகம் ஆகிவிட்டது. நீங்கள் கட்டத்தை எவ்வளவு ஒழுங்காகப் பார்த்து வரைந்தீர்களோ, அவ்வளவு ஒழுங்காக முகம் அகன்றிருக்கிறது.

ஆகவே எத்தனை கட்டம் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். எத்தனை மடங்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் அந்த மடங்கு ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்போது தாளிலும் சதுரம், சுவரிலும் சதுரம். கட்டத்தின் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

உங்கள் அளவுக்கு நான் சொல்வது: தாளில் 2 செ.மீ., சுவரில் 1 அடி. இது 15.24 மடங்கு. அந்த எண்ணை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாளில் 1 செ.மீ. என்றால் சுவரில் 6 அங்குலம், இது மட்டும் மனதில் இருந்தால் போதும். 15 அடி அகலத்துக்குத் தாளில் 30 செ.மீ. வேண்டும். உங்களிடம் 29.7 இருக்கிறது. குறையும் 3 மி.மீ. சுவரில் இரண்டு அங்குலத்துக்கும் குறைவுதான், ஓரத்தில் பின்னணி நிறத்தை இழுத்துவிட்டால் தெரியாது.

உயரத்தில்தான் சிக்கல். 8 அடிக்குத் தாளில் 16 செ.மீ. போதும், உங்கள் படமோ 21 செ.மீ. மீதி 5 செ.மீ. சுவருக்குள் அடங்காது. அதை வெட்டத்தான் வேண்டும். அட்டையை ‘ட’ வடிவில் இரண்டாக வெட்டி, எதிரெதிராக வைத்து 30க்கு 16 செ.மீ. ஜன்னல் போல ஆக்கிப் படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். மேலே வெறும் வானமோ கீழே வெறும் தரையோ இருந்தால் அதை விட்டுவிடலாம். இப்படிப்பட்ட படங்களில் தலைக்கு மேல் அநாவசிய இடம் நிறையவே இருக்கும். வெட்ட மனமில்லை என்றால் 3 செ.மீ.க்கு 1 அடி என்று எடுங்கள். படம் முழுதாக வரும். ஆனால் 10 அடிக்கு 7 அடிதான் நிறையும், இரண்டு பக்கமும் இரண்டரை அடி சும்மா கிடக்கும். அங்கே மரமோ திண்ணையோ சேர்த்து வரைய வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் வெட்டுவதுதான் நல்லது. பாட்டியும் பேத்தியும் பெரிதாகத் தெரிவார்கள்.

மூலப் படத்தின் மேல் கோடு போடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து அதில் போடுங்கள். சில மிஷின்கள் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும், ஆகவே ஸ்கேல் வைத்து ஒரு தடவை அளந்துவிடுங்கள். கோட்டை நன்றாகச் சீவிய பென்சிலால் போடுங்கள். தாளில் 1 மி.மீ. பிசகினால் சுவரில் அது ஒன்றரை செ.மீ.

இனி சுவர். இங்கே பலரும் செய்யும் காரியம், தரையையும் சுவரின் ஓரத்தையும் நம்பிக் கட்டம் போடுவது. பள்ளிக்கூடத்துத் தரை மழைத் தண்ணீர் ஓடச் சாய்வாகத்தான் இருக்கும். தரையிலிருந்து அளந்தால் பாட்டி சரிந்து உட்கார்ந்திருப்பார். ரசமட்டம் வைத்து, தரைக்குச் சற்று மேலே ஒரு படுக்கைக் கோடு எடுங்கள். 15 அடிக்குச் சின்ன ரசமட்டம் போதாது. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபைக் கடன் கேளுங்கள், இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறித்தால் அதுதான் மட்டம். செங்குத்துக்குத் தூக்குக்குண்டு.

நான்கு மூலையும் குறித்ததும் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. 8க்கு 15 என்ற நீள்சதுரத்தின் மூலைவிட்டம் சரியாக 17 அடி, பின்னமே இல்லை. இரண்டு மூலைவிட்டமும் 17 காட்டினால் மூலைகள் நேர். ஒன்று மற்றதைவிட ஒரு அங்குலம் கூடுதல் என்றால் மேல் கோடு பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. மேல் மூலைகள் இரண்டையும் ஒரே பக்கம் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளினால் சரியாகிவிடும். எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம், நீளமான மூலைவிட்டம் குறைகிற பக்கம்.

அடிகளைக் குறிக்கும்போது டேப்பை இடது மூலையில் பிடித்தபடி 1, 2, 3 என்று 15 வரை ஒரே இழுப்பில் குறியுங்கள். ஒரு அடி அளந்து, அங்கிருந்து அடுத்த அடி என்று தாவினால் ஒவ்வொரு தடவையும் 2 மி.மீ. பிசகினாலே கடைசியில் 3 செ.மீ. ஏறிவிடும். பள்ளிக்கூட மர ஸ்கேலை ஒரு அடி என்று எடுக்கவே வேண்டாம். அது 30 செ.மீ., அடி என்பது 30.48. படுக்கைக் கோட்டை டேப்பாலும் செங்குத்தை அந்த ஸ்கேலாலும் பிரித்தீர்களானால் கட்டம் மறுபடியும் சதுரமாக இருக்காது, பழைய கதைதான்.

குறித்த புள்ளிகளுக்கிடையே நூல் அடியுங்கள், அதாவது பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு விழ வையுங்கள். நூலில் காவிப் பொடி வேண்டாம், வெளிர் பெயின்டின் மேல் சிவப்பாகக் கசியும். வெள்ளைச் சுவராக இருந்தால் நீலச் சாக்பீஸ் பொடி போதும். மார்க்கரில் கோடு போடும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், எத்தனை கோட் அடித்தாலும் மேலே வந்து எட்டிப்பார்க்கும். கோடே வேண்டாம் என்று நினைத்தால் கட்டங்கள் சந்திக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைக்கலாம். புள்ளிக் கோலம் போடும் கைக்கு அதுவே போதும், அழிக்கும் வேலையும் குறைவு. ஆனால் முதல் தடவை என்றால் கோடு போட்டுக்கொள்வதுதான் நல்லது.

120 கட்டம் வரும். படுக்கையில் 1 முதல் 15 வரை எண்ணும், மேலிருந்து கீழாக அ, ஆ என்று ஏ வரை எழுத்தும் தாளிலும் சுவரிலும் எழுதிவிடுங்கள். ஏணியில் நிற்கும்போது எல்லாக் கட்டமும் ஒன்றாகத்தான் தெரியும். நான் ஒரு தடவை ஒரு கட்டம் தள்ளி மாட்டை ஆரம்பித்து, கொம்பு வரை வந்த பிறகு கீழே இறங்கிப் பார்த்துதான் கண்டுபிடித்தேன்.

வரையும்போது ‘மூக்கு’ வரைகிறோம் என்று நினைக்காதீர்கள். கோடு கட்டத்தின் எந்த ஓரத்தை எங்கே வெட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். உதாரணமாக, பாட்டியின் மூக்கு 6-இ கட்டத்தில் இருக்கிறது. மூக்கின் கோடு மேல் ஓரத்தைப் பாதியில் வெட்டி உள்ளே வருகிறது, சுவரில் 6 அங்குலத்தில் புள்ளி வையுங்கள். மூக்கு நுனி இடது ஓரத்திலிருந்து 1.4 செ.மீ., கீழ் ஓரத்திலிருந்து 0.6 செ.மீ. என்றால் ஆறால் பெருக்குங்கள். சுவரில் 8.4 அங்குலம், 3.6 அங்குலம். அங்கே இன்னொரு புள்ளி. பிறகு கோடு கட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தில் மூன்றாவது. மூன்றையும் தோளிலிருந்து கையை வீசி ஒரே கோடாக இணையுங்கள், மணிக்கட்டால் தேய்த்துத் தேய்த்துப் போட்டால் கோடு நடுங்கும். எல்லாக் கோட்டுக்கும் இப்படி அளக்க வேண்டியதில்லை. பாதி, கால் என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். கையால் சினிமா பேனர் வரைந்தவர்கள் ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு இப்படித்தான் நடிகர்களின் முகத்தை ஆளுயரத்துக்கு மேல் கொண்டுபோனார்கள்.

முகத்துக்கும் கைவிரல்களுக்கும் மட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரியுங்கள். தாளில் 1 செ.மீ., சுவரில் 6 அங்குலம். புடவைக்கும் திண்ணைக்கும் பெரிய கட்டமே போதும். எல்லா இடத்திலும் பொடிக் கட்டம் போட்டால் 480 கட்டத்துக்குள் நீங்களே தொலைந்துபோவீர்கள்.

நான்கைந்து கட்டம் முடிந்ததும் 20 அடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டே நிற்கும்போது கோணல் தெரியாது. போனில் படம் எடுத்து மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் உதவும், ஆனால் சுவருக்கு நேர் எதிரே, நடுவில் நின்று எடுங்கள். சாய்த்து எடுத்த போட்டோவில் சரியான சதுரமும் கோணலாகத்தான் விழும். கோடுகள் திருப்தியானதும் படத்தின் வெளிக்கோட்டை மெல்லிய தூரிகையால், நீர்த்த பெயின்டில் உறுதி செய்துவிட்டு, சாக்பீஸ் பொடியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். பொடியின் மேல் பெயின்ட் அடித்தால் பிடிக்காமல் உரியும்.

வண்ணத்தைக் கரைப்பதற்கு முன் பாட்டி நெற்றிப் பொட்டை ஒரு தடவை அளந்துவிடுங்கள். தாளில் 0.8 செ.மீ. வட்டம் என்றால் சுவரில் அகலத்திலும் 4.8 அங்குலம், உயரத்திலும் 4.8 அங்குலம் இருக்க வேண்டும். அகலம் மட்டும் கூடுதலாக வந்தால் ஏணியில் ஏறாதீர்கள். டேப்பை எடுத்து, கட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.